‘ஒழுங்குக் கரைசல்’, ‘மிகைச் சார்பு’: இந்த இரண்டு சொற்கள் சரியா?

தண்டையார்பேட்டையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். மாலை வகுப்புக்கு வரும் இளங்கலை மாணவர்களுக்காக நீர்மக் கலவைகள் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். நல்லியல்புக் கரைசல், நேர்விலக்கம், என்தால்பி, என்ட்ரோபி எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொற்கள், அதில் சிக்கல் இல்லை. ரெகுலர் சொல்யூஷன், எக்செஸ் ஃபங்ஷன் இரண்டிலும்தான் நிற்கிறேன். முதலாவதற்கு ‘ஒழுங்குக் கரைசல்’, இரண்டாவதற்கு ‘மிகைச் சார்பு’ என்று வைத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக பென்சீன், சைக்ளோஹெக்சேன் இணையை எடுத்தேன். ஒன்று 80.1 டிகிரியில் கொதிக்கிறது, மற்றது 80.7. இரண்டையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்தால் 77.5 அளவிலேயே கொதித்துவிடும். நேர்விலக்கத்துக்கு இதைவிடத் தெளிவான ஜோடி தேவையில்லை என்று நினைத்தேன். சொற்களைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும்.

வியாசர்பாடியிலிருந்து

சார், நான் இரண்டாம் ஆண்டு வேதியியல். ‘மிகை’ என்றதும் எனக்குத் தரம்பார்த்தலில் வரும் மிகை அமிலம்தான் ஞாபகம் வந்தது. ஒரு நீர்மத்தை மற்றதைவிட அதிகமாக ஊற்றினால் வருவதுதான் மிகைச் சார்பா? அப்படியென்றால் பாதிக்குப் பாதி கலக்கும்போது அது சுழியாகத்தானே இருக்க வேண்டும்?

திருவொற்றியூரிலிருந்து

தம்பி கேட்பதிலேயே தெரிகிறது, ‘மிகை’ வேண்டாம். விஷயம் எளிது. ஒரே வகை மூலக்கூறுகள் தங்களுக்குள் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வேறு வகையைப் பிடிப்பதில்லை, அதைப் பிரிக்க வெப்பம் வேண்டும், அதனால் கலக்கும்போது குளிர்கிறது, ஆவியழுத்தம் கூடுகிறது. நேர்விலக்கம் என்றாலே வெப்பங்கொள் கலவைதான். ‘வெப்பங்கொள் கரைசல்’, ‘வெப்பம்விடு கரைசல்’ என்று பிரித்துவிட்டால் மாணவர்களுக்குக் குழப்பமே வராது.

இராயபுரத்திலிருந்து

நான் வேதியியல் படித்தவன் இல்லை, மரச்சாமான் பாலிஷ் பட்டறை வைத்திருந்தேன். ஸ்பிரிட்டில் தண்ணீர் ஊற்றினால் பாத்திரம் கையில் வெதுவெதுப்பாகத் தெரியும், குளிராது. இன்னொன்று, அரை லிட்டரும் அரை லிட்டரும் ஊற்றினால் ஒரு லிட்டர் வராது, குறையும். சரக்கு கொடுத்தவர் அளவில் கைவைக்கிறார் என்று வெகுநாள் சந்தேகப்பட்டேன். நீங்கள் பேசுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மணலியிலிருந்து

தொடர்பு உண்டு ஐயா, நல்ல இடத்தில் கொண்டுவந்து வைத்தீர்கள். எத்தனாலும் தண்ணீரும் கலந்தால் அறை வெப்பநிலையில் வெப்பம் வெளியே வருகிறது, கன அளவும் சுருங்குகிறது. உங்களுக்குச் சரக்கு கொடுத்தவர் சரியாகவே அளந்திருக்கலாம். அதே கலவை ரௌல்ட் விதியிலிருந்து நேர்விலக்கம் காட்டுகிறது, 78.2 டிகிரியில் கொதிக்கும் மாறாக்கொதி கலவை அதனால்தான் வருகிறது. ஆகவே திருவொற்றியூர் சார் சொல்லும் மூலக்கூறுக் காரணம் பென்சீன் ஜோடிக்குப் பொருந்தும், ஆனால் வெப்பத்தின் குறியை வைத்து விலக்கத்தின் குறியைச் சொல்ல முடியாது. விலக்கத்தை முடிவு செய்வது மிகைக் கிப்ஸ் ஆற்றல், என்தால்பி அதில் ஒரு பங்குதான்:

Gᴱ = Hᴱ − T·Sᴱ

தம்பிக்கு: இங்கே மிகை என்பது ஊற்றிய அளவைப் பற்றியது அல்ல. கலவையில் அளந்த மதிப்பிலிருந்து, அதே விகிதத்தில் நல்லியல்புக் கரைசல் இருந்திருந்தால் வரவேண்டிய மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவது. பாதிக்குப் பாதியில் அது சுழி ஆகாது, பெரும்பாலும் அங்கேதான் உச்சம். தூய நீர்மங்களில்தான் சுழி.

இனி ரெகுலர் சொல்யூஷன். 1929-இல் ஹில்டிபிராண்ட் வைத்த பெயர் இது. இதில் மூலக்கூறுகள் நல்லியல்புக் கரைசலில் கலப்பதுபோலவே தாறுமாறாகக் கலக்கின்றன, கலக்கும் என்தால்பி மட்டும் சுழி அல்ல. அதாவது Sᴱ சுழி, Gᴱ-யும் Hᴱ-யும் ஒன்று. நம் பாடங்களில் என்ட்ரோபியை ‘ஒழுங்கின்மை’ என்று விளக்கிப் பழக்கிவிட்டோம். அப்புறம் ‘ஒழுங்குக் கரைசல்’ என்று எழுதினால், என்ட்ரோபி குறைந்த, வரிசையாக அடுக்கிய கரைசல் என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார். பொருள் நேர் எதிராகப் போய்விடும். இந்தச் சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

எடுத்துக்காட்டிலும் கவனம் தேவை. 25 டிகிரியில், சம மோல் கலவையில், பென்சீன் ஜோடியின் Hᴱ மோலுக்கு 800 ஜூல் அளவு. ஆவியழுத்தத்திலிருந்து கிடைக்கும் Gᴱ 320 அளவுதான். ரெகுலர் சொல்யூஷன் மாதிரியை நம்பி 800-ஐயே Gᴱ என்று எடுத்தால் இரண்டின் ஆக்டிவிட்டி குணகமும் 1.38 வரும். தூய நீர்மங்களின் ஆவியழுத்தம் 12.7, 13.0 கிலோபாஸ்கல், அதனால் கலவைக்கு 17.7 என்று கணக்கு காட்டும். உண்மையில் 14.5 அளவில்தான் நிற்கும். விலக்கம் நேர் என்று மாதிரி சொன்னது சரி, ஆனால் அளவை மிகவும் பெரிதாக்கிவிட்டது. இடையிலுள்ள 480 ஜூல் T·Sᴱ, அது சுழியே அல்ல.

அது எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு பகுதி கலவை விரிவதால். அரை மோல் பென்சீன் 44.7 மி.லி., அரை மோல் சைக்ளோஹெக்சேன் 54.4 மி.லி., கலந்தால் 99.1 வர வேண்டும், வருவது 99.75-க்குப் பக்கம். இந்த விரிவு மட்டுமே 480-இல் ஏறக்குறைய பாதியைக் கொடுக்கும் என்று கணக்கிடலாம். மீதிக்கு, தூய பென்சீனில் தட்டையான மூலக்கூறுகளுக்கு இருந்த திசை ஒட்டுறவு கலந்ததும் கலைவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதை அளக்கும்போது ஒன்று நடக்கும். எங்கள் ஆய்வகத்தில் புகைப்போக்கிப் பெட்டிக்குள் வைத்துத்தான் செய்கிறோம், பென்சீன் புற்றுநோய் தரும், கல்லூரிச் செய்முறைக்கு வேண்டவே வேண்டாம். கலந்தவுடன் வெப்பநிலை ஐந்து டிகிரி வரை இறங்கும், நம் கடலோரக் காற்றின் ஈரம் குடுவையின் வெளிப்புறத்தில் பனித்துவிடும். அந்த நேரத்தில் மட்டத்தைப் பார்த்தால் விரிவே தெரியாது, ஏனென்றால் குளிர்ந்ததால் வரும் சுருக்கமும் கலந்ததால் வரும் விரிவும் ஏறக்குறைய சமம். மூடிவைத்து, குடுவை மறுபடி 25 டிகிரிக்கு வந்த பிறகு பார்த்தால்தான் குறியைத் தாண்டி ஏறியிருக்கும். அவசரப்பட்டவர்கள் கனமாற்றம் இல்லை, ஆகவே இது ரெகுலர்தான் என்று எழுதிவிடுவார்கள்.

திருவொற்றியூரிலிருந்து

எத்தனால் விஷயம் சரி மேடம். ஆனால் அதில் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது, அது தனிக்கதை. அப்படிப்பட்ட பிணைப்பு இல்லாத ஜோடிகளுக்காவது ‘வெப்பங்கொள்’ என்ற பெயர் நிற்கும் என்றே இன்னும் நினைக்கிறேன். ‘மிகை’யும் எனக்கு இடிக்கிறது. தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தால் மிகைக் கன அளவு எதிர்க்குறி. குறைந்ததை ‘மிகை’ என்று எப்படி வகுப்பில் சொல்வது? ‘விலகல் சார்பு’ என்று வைத்துவிடலாமே?

மணலியிலிருந்து

‘விலகல்’ நல்ல சொல், ஆனால் அது வேறு இடத்துக்கு வேண்டும். உண்மை வாயுவின் பண்பு, அதே நிலையில் நல்லியல்பு வாயுவின் பண்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்குத் தனியாக ஒரு சார்பு உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கணக்கில் கலந்துபோகும். எதிர்க்குறி மிகை ஆங்கிலத்திலும் இதே இடைஞ்சலோடுதான் புழங்குகிறது, அதை நாம் மட்டும் தீர்க்க வேண்டியதில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து

‘மிகைச் சார்பு’ என்றே எழுதுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் ‘நல்லியல்பு மேல் மிகை’ என்று விரித்துவிட்டு. ‘ஒழுங்குக் கரைசல்’ எடுத்தாயிற்று. ‘சீர்க் கரைசல்’ என்று பார்த்தேன், அது சீராகக் கலந்த, ஒருபடித்தான கரைசல் என்று கேட்கிறது. இப்போதைக்கு ‘ஹில்டிபிராண்ட் கரைசல்’ என்றே போடுகிறேன், யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள். பென்சீன் ஜோடி குறிப்பில் இருக்கும், மாதிரி எங்கே தவறுகிறது என்று காட்டும் பகுதிக்கு நகர்த்திவிட்டேன்.

வியாசர்பாடியிலிருந்து

அப்படியானால் மாதிரிக்குச் சரியாகப் பொருந்தும் எடுத்துக்காட்டு எது மேடம்?

மணலியிலிருந்து

அச்சடித்ததுபோல் பொருந்தும் நீர்ம ஜோடி என்று ஒன்றைக் கைகாட்ட எனக்குத் தயக்கம்தான். ஹில்டிபிராண்ட் தொடங்கியது அயோடினிலிருந்து. கார்பன் டெட்ராகுளோரைடு, ஹெக்சேன் போன்றவற்றில் அயோடின் ஊதாவாகக் கரையும், அந்தக் கரைதிறன் கோடுகள் ஒரே குடும்பமாக வரும். எத்தனாலில் பழுப்பாகிவிடும், அங்கே மாதிரி பொருந்தாது. ஊதாக் கரைசல்களிலிருந்து தொடங்கச் சொல்லி உங்கள் சாரிடம் கேளுங்கள்.