போர் தண்ணீரும் சாம்பல் பூக்கும் வெள்ளைத் துணியும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

பெருந்துறை உறுப்பினர்:
கோவையில் சிறுவாணித் தண்ணீரில் துவைத்த வரையில் பளிச்சென்று இருந்த வேட்டிகளும் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளும், இங்கே போர் தண்ணீருக்கு மாறிய சில மாதங்களிலேயே சாம்பல் நிறமாகிவிட்டன. சோப்புத் தூளும் இயந்திரமும் மாறவில்லை. கறை எதுவும் இல்லை. துணி முழுவதும் ஒரே சீராக மங்கியிருக்கிறது, தொட்டால் விறைப்பாகவும் இருக்கிறது. இதே நிலையைச் சந்தித்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

பவானி உறுப்பினர்:
எங்கள் வீட்டில் கடைசி அலசலில் சொட்டு நீலம் கலப்போம்; வேட்டி உடனே வெளுத்துத் தெரியும். மங்கல் கூடும்போது நீலத்தையும் கூட்டுவதே வழக்கம்.

திருப்பூர் உறுப்பினர் (பிளீச்சிங் பட்டறையில் பணியாற்றியவர்):
நீலம் மஞ்சளை மறைக்கும் என்பது சரியே. ஆனால் அது துணியிலிருந்து திரும்பும் ஒளியைக் குறைத்துத்தான் அதைச் செய்கிறது. ஏற்கெனவே சாம்பல் படிந்த துணியில் அதைக் கூட்டினால் இன்னும் இருண்டுதான் போகும்.

பெருந்துறை அம்மா சொல்லும் 'ஒரே சீரான மங்கல்' முக்கியமான அடையாளம். துணியிலிருந்து கழன்ற அழுக்கு தண்ணீரில் மிதந்துகொண்டே வெளியேற வேண்டும். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்பின் வலிமையில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால், அந்த அழுக்கைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் அது மீண்டும் துணியிலேயே, எல்லா இடத்திலும் மெல்லியதாகப் படிகிறது. தூளில் இருக்கும் சோடா அதே சுண்ணாம்போடு சேர்ந்து நுண்ணிய வெண்துகளாகி இழைகளுக்குள் தங்குவதால்தான் விறைப்பு வருகிறது.

ஒரு சட்டையை மட்டும் எடுத்து, சோப்பே போடாமல், கை பொறுக்கும் சூடுள்ள ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் கலங்கி நுரை வந்தால், முந்தைய துவைப்பின் சோப்பும் அழுக்கும் சரியாக அலசப்படாமல் உள்ளேயே இருக்கின்றன என்று பொருள்.

காங்கேயம் உறுப்பினர்:
என் சட்டையில் காலர் மட்டும் மஞ்சளாகிறது. அதற்கும் உப்புத் தண்ணீர்தான் காரணமா?

திருப்பூர் உறுப்பினர்:
அது வேறு, ஐயா. உடலின் எண்ணெயும் வியர்வையும் நாளடைவில் மாறுவதால் வரும் மஞ்சள் அது; ஓரிடத்தில் மட்டும் இருப்பதே அதற்குச் சான்று.

கோபி உறுப்பினர்:
எங்கள் கடையில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு உண்டு. அதன் கீழ் புது வேட்டியை வைத்தால் நீலமாக ஒளிர்கிறது. பல ஆண்டு உடுத்திய வேட்டி இருண்டே கிடக்கிறது. அழுக்கே இல்லாத வேட்டியும் ஏன் இப்படி ஆகிறது?

திருப்பூர் உறுப்பினர்:
பிளீச் செய்த துணிக்குப் பட்டறையில் கடைசியாக ஒயிட்னர் ஏற்றுவோம். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதால்தான் புதுத்துணி அந்தப் பளிச்சென்ற வெண்மையைக் காட்டுகிறது. வெயிலில் அது மெல்லச் சிதைகிறது; ஈரத்துணியைக் கடும் வெயிலில் காயவைத்தால் சிதைவு விரைவாகும். தூளில் உள்ள ஒயிட்னர் ஓரளவு ஈடுகட்டும், ஆனால் அது பருத்தியைத்தான் பற்றும், பாலியஸ்டரை அவ்வளவாகப் பற்றாது. விளக்கின் கீழ் நன்றாக ஒளிரும் துணி பகலில் மங்கலாகத் தெரிந்தால், ஒயிட்னரைவிட அழுக்குப் படிவையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

பவானி உறுப்பினர்:
வெயிலில் போட்டால் வெளுக்கும் என்றுதானே பெரியவர்கள் சொன்னார்கள்?

திருப்பூர் உறுப்பினர்:
சில கறைகளை வெயில் வெளுக்கும் என்பதும் உண்மைதான். எந்தத் துணியில் எது மிஞ்சும் என்று பொதுவாகச் சொல்ல என்னால் இயலவில்லை.

பெருந்துறை உறுப்பினர்:
சொன்னபடி ஊறவைத்தேன், தண்ணீர் பால்போல் கலங்கி நுரையும் வந்தது. இங்கே கோடையில் தண்ணீர் அருமை என்பதால், வண்ணத் துணி அலசிய தண்ணீரிலேயே வெள்ளையையும் அலசி வந்தோம்.

திருப்பூர் உறுப்பினர்:
அந்த வரிசையை மாற்றுங்கள்: வெள்ளையை முதலில் அலசிவிட்டு, அந்தத் தண்ணீரை வண்ணத் துணிக்கு எடுத்துக்கொள்ளலாம். வாளியைத் துணியோடு கவிழ்க்காதீர்கள். மிதக்கும் அழுக்கைத் துணியே வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும். துணியை வெளியே எடுத்த பிறகே தண்ணீரைக் கொட்டுங்கள். படிந்த சுண்ணாம்பைக் கரைக்க, பத்து லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் மிச்சமின்றி அலசுங்கள். புளிப்பு தங்கி உலர்ந்தால் பருத்தி நலிந்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு இதை ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

பெருந்துறை உறுப்பினர்:
வேட்டிகளின் விறைப்பு போய்விட்டது, நிறமும் கணிசமாகத் தெளிந்துள்ளது. பாலியஸ்டர் கலந்த பள்ளிச் சட்டைகள் மட்டும் இன்னும் சாம்பலாகவே இருக்கின்றன. அந்தத் துணியில் வெற்றி கண்டவர்கள் எழுதினால் நன்றாயிருக்கும்.