பழைய தீர்ப்பில் மாட்டிக்கொள்ளும் மூட் கோர்ட் மாணவியை மீட்பது எப்படி?

ஊட்டியில் சட்ட மாணவர்களுக்கு மூட் கோர்ட், அதாவது மாதிரி நீதிமன்றப் பயிற்சி நடக்கிறது. வழக்கு, சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட் பற்றியது. அரசுத் தரப்பில் பேசும் மாணவிக்கு 12 நிமிடம். நாலாவது நிமிடத்தில், உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு விலங்குகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2014 நாகராஜா (ஜல்லிக்கட்டு) தீர்ப்பைக் காட்டுகிறார்.

நீதிபதியாக நடிப்பவர் கேட்பது இரண்டே கேள்வி. "அது எத்தனை நீதிபதிகள் அமர்வு?" "இரண்டு, மை லார்ட்." "2023-இல் ஐந்து நீதிபதிகள் என்ன சொன்னார்கள்?" மாணவி அங்கேயே நின்றுவிடுகிறார். நாகராஜா தீர்ப்பு விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்லவே இல்லை என்றது அந்த அமர்வு. தெரியாமல் இல்லை, படித்திருக்கிறார். ஆனாலும் நாகராஜாவையே காப்பாற்றப் பார்த்து மூன்று நிமிடத்தைத் தொலைக்கிறார்.

"அந்த வாதத்தை வலியுறுத்தவில்லை, மை லார்ட்" என்ற வரியை மனப்பாடம் செய்ய வைத்தோம். வரி வருகிறது, அதற்குப் பின் மௌனம். 2023 தீர்ப்பை அவரே முந்திக்கொண்டு சொல்லவும் வைத்துப் பார்த்தோம். அப்போது கேள்வி வேறு பக்கம் பாய்கிறது, மீளும் பயிற்சியே நடப்பதில்லை.

போக வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. இதே சீகூர் பகுதியை யானை வழித்தடமாக அறிவித்த அரசின் அறிவிக்கையை 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் உறுதிசெய்தார்கள். அதற்கு வனவிலங்குகளைக் காக்கும் அரசின் கடமையைச் சொல்லும் 48ஏ பிரிவே போதும், விலங்கின் உரிமை தேவையில்லை. (முதலிலேயே இதில் தொடங்கியிருக்கலாம், அது வேறு கதை.)

அவர் வாதத்தைக் கைவிட்ட அந்த நொடியில், விடையை எடுத்துக் கொடுக்காமல் 48ஏ பக்கம் திரும்ப வைக்க, நீதிபதி என்ன கேள்வி கேட்க வேண்டும்?