நேட்டால் பதிவேட்டில் பாட்டியின் எண் கிடைக்கவில்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உறவுகளே, தென்னாபிரிக்கத் தமிழ்த் தலைவர் ஒருவரின் பூர்வீகத்தைத் திருகோணமலையில் இருந்துகொண்டே தேடுகிறோம். அவருடைய தாத்தா கிடைத்துவிட்டார், பாட்டிதான் இல்லை.

குடும்பத்தார் வைத்திருக்கும் ஒப்பந்த விடுவிப்புச் சான்றிதழில் தாத்தாவின் கொலோனியல் எண், அதாவது ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு வந்தவருக்குக் கொடுத்த பதிவு எண், இருந்தது. அதே எண்ணில் கப்பல் பட்டியலில்: 1890, மதராஸ் துறைமுகம், வட ஆற்காடு, போளூர், வயது 22, இடது புருவத்தில் தழும்பு. சான்றிதழிலும் அதே தழும்பு, ஆகவே ஆள் இவர்தான்.

சேர்ந்து ஏறிய குடும்பத்துக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்தான் விழும். முன்னும் பின்னும் பார்த்தாயிற்று, மனைவி இல்லை. அப்படியானால் கலியாணம் நேட்டாலில் நடந்திருக்கலாம். பாட்டி அங்கேயே பிறந்தவர் என்றால் கப்பல் பட்டியலில் பெயரே வராது. ‘முனியம்மா’ என்ற பெயர் மட்டும் கையில் இருக்கிறது. அந்தப் பெயரில் நிறையப் பேர், ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மூத்த மகனின் பிறப்புப் பதிவில் (1897, கரும்புத் தோட்டம்) தாயின் எண் இருக்கவேண்டிய ஓரத்தைப் பூச்சி அரித்துவிட்டது.

இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்தின் பழைய திருமணப் பதிவேட்டைக் கணவரின் எண்ணை மட்டும் வைத்துத் தேட முடியுமா?