அறிவிப்புத் தாளில் மூன்று பெயர்: ஒப்டோமெட்ரிஸ்டைத் தமிழில் எப்படி அழைப்பது?

அறிவிப்பை எழுதுகிறவர், சுங்கை சிப்புட்

குழுவினருக்கு வணக்கம். எங்கள் கோயில் மண்டபத்தில் அடுத்த மாதம் இலவசக் கண் பரிசோதனை நடக்கவிருக்கிறது. அதற்குத் தமிழில் அறிவிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மலாய்த் தாளில் பாக்கார் மாத்தா, ஒப்டோமெட்ரிஸ், ஜூருஒப்திக் ஆகிய மூவர் தனித்தனி மேசையில் அமர்வார்கள் என்று உள்ளது. நான் மூன்று இடத்திலும் ‘கண் டாக்டர்’ என்று எழுதிவிட்டு, பிறகு அடித்துவிட்டேன். தோட்டத்துப் பெரியவர்கள் கண்ணாடிக் கடையில் எண் பார்ப்பவரையும் டாக்டர் என்றுதான் அழைக்கிறார்கள். தாளும் அதையே சொன்னால் எல்லாரும் ஒரே மேசை முன்னால் வரிசை பிடிப்பார்கள். முதலாமவர் கண் மருத்துவர் என்பதில் ஐயமில்லை. மற்ற இருவருக்கும் சொல் தேவை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஒப்டிக்ஸ் என்பது ஒளியியல். ஆகவே கடைக்காரரை ‘ஒளியியலாளர்’ எனலாம். ஒப்டோமெட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்து, கண்ணுக்கான மேற்படிப்பை இன்னும் முடிக்காதவர் என்பதால் ‘துணைக் கண் மருத்துவர்’ என்பது பொருந்தும். ‘மெட்ரி’ என்ற பகுதி அளவைக் குறிக்கிறது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ‘பார்வை அளவையர்’ என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனை ஒப்டோமெட்ரிஸ்ட், ஈப்போ

ஆசிரியர் ஐயா, கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘துணை மருத்துவர்’ வேண்டாம். நான் மருத்துவம் படிக்கவில்லை. ஒப்டோமெட்ரியில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு படித்தேன். கண்ணில் அறுவை செய்வதும் நோய்க்குச் சிகிச்சை அளிப்பதும் கண் மருத்துவர் வேலை. அவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன் மேல் கண்ணுக்கென்று பல ஆண்டு பயின்றவர். என் வேலை பார்வையை அளப்பதும், கண்ணின் முன்புறத்தையும் விழித்திரையையும் பார்த்து, ஐயமிருந்தால் அவரிடம் அனுப்புவதும். ‘ஒளியியலாளர்’ என்றால் லேசரை ஆராயும் இயற்பியலாளர்தான் நினைவுக்கு வருவார்.

ஜூருஒப்திக் என்பதில் உள்ள ‘ஜூரு’வைக் கவனியுங்கள். ஜூருராவாட், ஜூருதெரா என்பவற்றில் வரும் அதே ‘ஜூரு’தான் அது, கைத்தேர்ச்சி உள்ளவர் என்று பொருள். ஆகவே ‘கண்ணாடி வினைஞர்’ என்பது நெருங்கி வருகிறது: வில்லையைச் சட்டத்துக்கு ஏற்ப வெட்டிப் பொருத்துவது, இரு கண்மணிகளுக்கு இடையிலுள்ள தொலைவை அளந்து வில்லையின் மையத்தை அதற்கு நேராக வைப்பது, மூக்கில் சரியாமல் வளைப்பது ஆகியவை அவருடைய கலை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது: நம் நாட்டில் கடையிலுள்ள கண்ணாடி வினைஞரும் எண் பார்ப்பதுண்டு. 1991ஆம் ஆண்டின் ஒப்டிகல் சட்டம் இருவரையும் தனித்தனியே பதிவு செய்கிறது என்றாலும், ‘அளவையர்’ என்றதும் அளப்பவர் ஒருவர்தான் என்று மக்கள் எண்ணிக்கொள்வார்கள்.

லோரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. எந்தக் கடையில் கண்ணாடி நன்றாக இருக்கும் என்று கேட்கிறீர்கள் போலும்; என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்கு வயது 52. ஐந்து வருடமாகப் படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போடுவேன், தூரம் நன்றாகத் தெரியும். சென்ற வருடம் ஒரு வாரத்துக்குள் சாலைப் பலகை மங்கிவிட்டது. அதே நேரம் நாளிதழைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தது. கண் தெளிந்துவிட்டது என்று மனைவியிடம் பெருமையடித்தேன். கடையில் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 1.50 என்று சொல்லி, தூரத்துக்குக் கண்ணாடி செய்து கொடுத்தார்கள். பிறகு சளி என்று கிளினிக் போனபோது இரத்தச் சர்க்கரை மிக அதிகம் என்றார்கள். மாத்திரை தொடங்கி மூன்று வாரத்தில் அந்தக் கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றியது, கழற்றினால் தூரம் தெரிந்தது. கடைக்காரர் தப்பாகச் செய்துவிட்டார், அவ்வளவுதான்.

மருத்துவமனை ஒப்டோமெட்ரிஸ்ட், ஈப்போ

அண்ணே, கடைக்காரர் தப்பாக அளந்திருக்க மாட்டார். அன்று உங்கள் கண் உண்மையிலேயே மைனஸ் 1.50 ஆகத்தான் இருந்திருக்கும். சர்க்கரை ஏறும்போது கண்ணின் உள்ளிருக்கும் வில்லை நீரை ஏற்று அதன் ஆற்றல் மாறுகிறது. பெரும்பாலும் கிட்டப்பார்வைப் பக்கமாகச் சாய்கிறது. அதனால்தான் தூரம் மங்கி, படிப்பது எளிதானது. மாத்திரையால் சர்க்கரை இறங்கியதும் வில்லை பழைய நிலைக்குத் திரும்புகிறது. சிலருக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் போய், சில வாரங்களில் நிலைக்கிறது. அதனால் சர்க்கரை ஒருபடியாக நிலைத்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து அளந்தால்தான் செய்யும் கண்ணாடி நிற்கும்.

அளந்தவர் கேட்கத் தவறியது ஒரே கேள்விதான். ஐம்பது வயதுக்காரருக்கு இரு கண்ணிலும் ஒரு வாரத்தில் ஒன்றரை எண் எப்படி மாறும்? அடிக்கடி தாகமா, இரவில் எழுந்து போகிறீர்களா என்று கேட்டு, கிளினிக்குக்கு அனுப்பியிருந்தால் உங்கள் பணமும் மிஞ்சியிருக்கும், சர்க்கரையும் முன்னமே தெரிந்திருக்கும்.

தமிழாசிரியர்

அட்டையில் ஊசித்துளை போட்டு அதன் வழியே பார்த்தால் தெளிவாகத் தெரிகிறதென்றால் கண்ணாடி போதும், தெரியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதையே அறிவிப்பில் எழுதிவிடலாமே?

ஒப்டோமெட்ரிஸ்ட்

பாதி சரி, ஐயா. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துளை, ஒளி சிதறாமல் குறுகலாகச் செல்ல வைக்கிறது. எண் குறையால் வந்த மங்கல் அதில் தெளியும், விழித்திரைக் கோளாறால் வந்தது தெளியாது. ஆனால் அண்ணனுடைய கண்ணும் அன்று துளையில் தெளிந்திருக்கும்! மங்கல் எண்ணால் வந்தது என்று துளை சொல்லும்; அந்த எண் ஏன் மாறியது என்று சொல்லாது. ஆகவே வீட்டில் சோதித்து முடிவெடுக்கச் சொல்ல வேண்டாம்.

இப்படிச் சொல்லலாம். சில மாதங்களாக மெல்ல மங்கினால், அல்லது நாற்பதைத் தாண்டிப் படிக்கக் கை நீட்ட வேண்டியிருந்தால் என் மேசை. சட்டம் உடைந்தது, கண்ணாடி மூக்கில் அழுத்துகிறது என்றால் கண்ணாடி வினைஞர். திடீரென மின்னல் போலப் பொறி தெரிந்தாலோ, திரை விழுந்தாற்போல ஓரம் மறைந்தாலோ, ஒரு கண் பார்வை போனாலோ முகாமுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செம்பனை ஓலையோ முள்ளோ கண்ணில் பட்டு மறுநாளும் சிவந்து வலித்தால், பார்மசியில் தானாகச் சொட்டு மருந்து வாங்காமல் அன்றே காட்ட வேண்டும். தாவரக் காயத்தில் பூஞ்சை நுழைந்தால் ஸ்டீராய்டு சொட்டு அதை வளர்த்துவிடும்.

லோரி ஓட்டுநர்

அப்படியானால் அந்தக் கடையிலேயே ஒப்டோமெட்ரிஸ்ட் இருந்திருந்தால்?

ஒப்டோமெட்ரிஸ்ட்

கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். எல்லாரும் கேட்பார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அறிவிப்பை எழுதுகிறவர்

அப்படியானால் ‘அளவையர்’ என்பதோடு நின்றால் அக்காவின் வேலையில் பாதிதான் தெரிகிறது. ‘பார்வை ஆய்வர்’ என்று வைத்தால் எண்ணும் அடங்கும், எண்ணுக்குப் பின்னாலுள்ள காரணமும் அடங்கும் அல்லவா?

தமிழாசிரியர்

‘ஆய்வர்’ என்பது எனக்கு ஆய்வுக்கூடத்தை நினைவூட்டுகிறது. ‘பார்வை ஆய்நர்’ என்று இருந்தால் ஒலியும் இனிமை.

ஒப்டோமெட்ரிஸ்ட்

ஐயா, ‘ஆய்நர்’ என்று எழுதினால் எங்கள் மேசைக்கு வரும் பாட்டி வாசிக்கத் தடுமாறுவார். இரு சொல்லையும் நான் எதிர்க்கவில்லை. ஆனால் தாளில் அடைப்புக்குறி போடாமல், பெயருக்குக் கீழே அந்த மேசையின் வேலையை ஒரே வரியில் எழுதுங்கள்.

அறிவிப்பை எழுதுகிறவர்

நாளை அச்சகத்துக்குப் போகும் வடிவம் இது. முதல் மேசை: பார்வை ஆய்வர், மெல்ல மங்கும் பார்வைக்கு. இரண்டாம் மேசை: கண் மருத்துவர், வலி, சிவப்பு, சர்க்கரை நோயாளிகளின் கண்ணுக்கு. மூன்றாம் மேசை: கண்ணாடி வினைஞர், சட்டமும் வில்லையும் சரிசெய்ய. சர்க்கரை உள்ளவர்கள் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவர வேண்டும் என்று அடியில் சேர்த்திருக்கிறேன். ‘வினைஞர்’ என்பது தச்சரை நினைவூட்டுகிறது என்று கோயில் தலைவர் இப்போதே முகம் சுளிக்கிறார். வேறு சொல் யாரிடமாவது இருந்தால் இன்றிரவுக்குள் எழுதுங்கள்.