பொருள்: ‘பிரைமா ஃபேசி’ கடமைக்குத் தமிழ்ச்சொல்

நிர்மலா:
வணக்கம். அறவியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். தத்துவ அறிஞர் டபிள்யூ. டி. ராஸ் 1930இல் கையாண்ட ‘பிரைமா ஃபேசி’ கடமையில் வந்து நின்றுவிட்டேன். நண்பரைப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். போகிற வழியில் ஒரு விபத்து. அடிபட்டவருக்கு உதவ நின்றால் வாக்குத் தவறும். வாக்கும் உதவியும், இரண்டுமே ராஸுக்கு ‘பிரைமா ஃபேசி’ கடமைகள். ‘முதல்நோக்குக் கடமை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

பாஸ்கரன்:
‘வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறது’ என்று பத்திரிகையில் வருகிறதே, அதே லத்தீன் சொல்தான். ‘முகாந்திரக் கடமை’ எனலாம். விசாரித்த பிறகு அது கடமையே இல்லை என்றும் ஆகலாம்.

மெய்யப்பன்:
பாஸ்கரன், கடைசி வரிதான் இடிக்கிறது. வழக்கில் முகாந்திரம் பொய்த்துப்போகலாம். ராஸ் சொல்லும் கடமை அப்படிப் பொய்க்காது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது சரிதான் என்றாலும், காத்திருந்த நண்பரை நினைத்தால் மனம் உறுத்துகிறது. அவருக்கு ஏதாவது ஈடுசெய்ய வேண்டியும் இருக்கிறது. வெறும் தோற்றமாக இருந்தால் ஈடு எதற்கு? இந்தப் பெயர் தவறாகப் புரிந்துகொள்ள இடம் தரும் என்று ராஸே வருந்தி எழுதியிருக்கிறார். இரு விசைகள் இழுக்கும் பொருள் ஒரு திசையில்தான் நகரும். அதனால் மற்ற விசை இல்லை என்று ஆகிவிடாது. பின்னால் வந்தவர்கள் பலர், ‘அந்த அளவுக்கு’ என்று பொருள்படும் ‘ப்ரோ டான்டோ’ என்ற லத்தீன் தொடரைக் கையாள்கிறார்கள். அதையொட்டி ‘தன்னளவுக் கடமை’ எனலாம். எல்லாவற்றையும் சீர்தூக்கியபின் செய்ய வேண்டியதாக நிற்பது ‘முடிவுக் கடமை’.

கௌரி:
இதில் எது பெரியது என்று ராஸ் வரிசை தருகிறாரா? அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை அண்ணனிடம் சொல்லமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். நேற்று ராத்திரி துபாயிலிருந்து போன் செய்து, “அம்மாவுக்கு என்ன, மறைக்காமல் சொல்” என்றான். “ரிப்போர்ட் இன்னும் வரவில்லை” என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு தூக்கமே இல்லை.

மெய்யப்பன்:
வரிசை இல்லை, கௌரி. கொஞ்சம் கூடுதல் நன்மைக்காக வாக்கை முறிக்கலாகாது, பெரும் துன்பம் என்றால் முறிக்கலாம் என்பார். எல்லைக்கோடு போடமாட்டார். அந்தந்த நிலையை முழுதாகப் பார்த்து நாமே முடிவுசெய்ய வேண்டும், அது தவறியும் போகலாம். ஒன்று கவனியுங்கள். பேச வாய் திறக்கும்போதே உண்மை சொல்வதாக ஒரு சொல்லாத வாக்கு இருக்கிறது என்று அவர் கருதுகிறார். ஆகவே நேற்று அம்மாவுக்குத் தந்த வாக்கைக் காக்க, அண்ணனுக்கான வாக்கு முறிந்தது. “அதை அம்மாவிடமே கேள்” என்றிருந்தால் இரண்டும் நின்றிருக்கும். வாக்கு வாங்கியவர் அதிலிருந்து விடுவிக்கவும் முடியும்.

கௌரி:
அப்படியானால் இன்றைக்கே அம்மாவிடம் பேசுகிறேன், ஐயா.

நிர்மலா:
‘முடிவுக் கடமை’யை எடுத்துக்கொண்டேன். ஆனால் ‘தன்னளவுக் கடமை’ என்றதும் என் மாணவி, “தனக்குத் தானே செய்துகொள்ளும் கடமையா, மேடம்?” என்றாள். தன்னை மேம்படுத்திக்கொள்வதும் ராஸின் பட்டியலில் இருப்பதால் இந்தக் குழப்பம் தீராது.

பாஸ்கரன்:
விசை உவமையை வைத்து ‘ஈர்ப்புக் கடமை’ என்றால்?

மெய்யப்பன்:
ஈர்ப்பு என்றால் ஆசை என்றும் படிப்பார்கள். கடமை பல வேளை ஆசைக்கு எதிராகத்தானே இழுக்கிறது. இரண்டு நாள் கொடுங்கள், யோசிக்கிறேன்.