புதுப்பிப்பு: அப்பாவின் குடல் புற்றுநோயும் எங்கள் பரிசோதனையும்

முன்பு கேட்டது: "அப்பாவுக்கு 43 வயசுல பெருங்குடல் புற்றுநோய். எனக்கு 27. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிற கொலோனோஸ்கோபி எப்ப செய்யணும்?"

அப்பாவுக்கு லிஞ்ச் சிண்ட்ரோம்தான், அதாவது குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறு. எம்எல்எச்1 மரபணுவில் பிழை. "அப்பாவுக்கு நோய் வந்த வயசுல பத்தைக் கழிச்சு, அந்த வயசுல தொடங்குங்க" என்று இங்கே ஓர் அண்ணன் சொன்னார். மரபணுப் பிழை இல்லாத குடும்பத்துக்கு அது பொருந்தும். பினாங்கில் பார்த்த ஆலோசகரோ, "இதுக்கு 25லேயே தொடங்கணும்மா, ஒன்றிரண்டு வருசத்துக்கு ஒருமுறை. லிஞ்ச்ல பாலிப்ங்கிற சதை வளர்ச்சி சீக்கிரமே புற்றாகிடும்" என்றார்.

அப்பாவின் பிழை எதுவென்று தெரிந்ததால் எங்கள் ரத்தத்தில் அதை மட்டும் தேடினார்கள். தம்பிக்கு இல்லை, அவனுக்கு இந்த அட்டவணை வேண்டாம். எனக்கு இருக்கிறது. கொலோனோஸ்கோபியில் வலப்பக்கக் குடலில் தட்டையான பாலிப் ஒன்றை எடுத்தார்கள். குடலைச் சுத்தம் செய்யும் மருந்தில் பாதியை அன்று விடியற்காலையில் குடித்ததால்தான் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்ததாம்.

அத்தைக்கு ரத்தம் போகிறது. "மூலம்தான்டி" என்கிறார். இன்னும் சோதனைக்கு வரவில்லை.