நேர்காணல் துண்டில் விருந்தினர் பெயரை எங்கே போடுவது: என் அனுபவம்

கத்தரிமுனை: நீண்ட நேர்காணல் ஒன்றிலிருந்து 80 விநாடித் துண்டு வெட்டினேன். போனில் பார்ப்பதற்கான நெடுக்குவாக்கு வீடியோ, 1080-க்கு 1920 பிக்சல் அளவு. டிவியில் பார்த்த பழக்கத்தில் பெயர்ப்பட்டையை அடியில் வைத்தேன். கணினியில் நன்றாகவே இருந்தது. ஏற்றிவிட்டு போனில் திறந்தால், கணக்குப் பெயரும் விளக்க வரியும் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தன. பேசியவர் மருத்துவர். "இவர் யார், இவர் சொல்வதை ஏன் நம்பணும்?" என்று பலர் கேட்டார்கள். அவருக்கு நான் செய்த அநியாயமாகவே பட்டது.

மறுபடி செய்தபோது அடியில் சுமார் 670 பிக்சலைக் காலியாக விட்டேன். வலது ஓரம் பொத்தான்களுக்குப் போய்விடும், அதனால் எல்லாம் இடப்பக்கம். வசனவரி அதற்கு மேலே, பெயர் அதற்கும் மேலே என்று அடுக்கினால் பட்டை தாடையைத் தொட்டது. கடைசியில் பெயர் தெரியும் 4 விநாடிக்கு மட்டும் வசனத்தை ஒற்றை வரிகளாக உடைத்தேன். இடம் கிடைத்தது. மூன்று வரிக்கு நீண்ட பதவியை அவரிடம் கேட்டுக்கொண்டு "குழந்தைநல மருத்துவர்" என்று சுருக்கினேன். வண்ணப் பெட்டியை எடுத்துவிட்டு எழுத்துக்கு மெல்லிய நிழல் மட்டும் கொடுத்தேன்.

மாலைவெயில்: நேர்காணலுக்கு நடுவில் காட்டும் பழைய புகைப்படத்துக்கு, எடுத்தவருக்கான நன்றியை விளக்கத்தில் போட்டாலே போதுமே? திரையில் எதற்கு?

சாம்பல்பூனை: விளக்கத்தில் அவசியம் இருக்கணும். ஆனால் யாராவது வீடியோவை இறக்கி வேறு குழுவுக்கு அனுப்பினால் விளக்கம் கூடப் போகாது. நான் படத்தின் இடது மேல் மூலையில், உச்சியிலிருந்து 270 பிக்சல் தள்ளி, "படம்:" என்று எடுத்தவர் பெயரைப் போடுவேன். படம் வரும்போது வரும், போகும்போது போய்விடும். எடுத்தவர் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம் என்று விடும் CC BY உரிமத்தில் உள்ள படமென்றால் உரிமத்தின் பெயரும் வேண்டும், அதை விளக்கத்தில் எழுதுவேன். உரிமம் இல்லாத படத்துக்கு நன்றி போட்டாலும் அது அனுமதி ஆகாது.

நீலக்குடை: பெயர் அட்டையில் விருந்தினரின் போன் நம்பரும் போடலாமா? என் விருந்தினர் கேட்கிறார்.

சாம்பல்பூனை: இங்கே பேசுவது திரையில் வரும் பெயரைப் பற்றி. நம்பரை விளக்கத்துக்கு மாற்றுங்கள், 4 விநாடியில் யாரும் குறித்துக்கொள்ள முடியாது.

மாலைவெயில்: சரி, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இரண்டு விருந்தினர்கள், மேலும் கீழுமாகப் பிரித்த சட்டகம். கீழே இருப்பவரின் பெயர் எப்போதும் மறைகிறது.

கத்தரிமுனை: இரண்டு பெயரையும் நடுக்கோட்டை ஒட்டி வையுங்கள். மேலே இருப்பவர் பெயர் கோட்டுக்கு மேல், கீழே இருப்பவர் பெயர் கோட்டுக்குக் கீழ். கீழே இருப்பவரின் தலைக்கு மேல் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வெட்டணும். அப்புறம், ஒருவர் மறுபடி பேச வரும்போது பெயரைத் திரும்பக் காட்டுகிறீர்களா?

சாம்பல்பூனை: 40 விநாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் பெயர் மட்டும், பதவி இல்லாமல்.

மாலைவெயில்: நான் காட்டுவதில்லை. முகம் நினைவில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.